கல்லாவில் எவ்வளவு இருக்க வேண்டும்?

கடை அடைக்கும் முன் கல்லாப் பணத்தை எண்ணாத வியாபாரி நம்மில் எவரும் இல்லை. இரவு பத்து மணிக்கு ஒரு பக்கக் கதவைச் சாத்திவிட்டு, ஐந்நூறு தனி, நூறு தனி என்று அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டுப் பையில் வைத்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புகிறோம். "இன்று எவ்வளவு வந்தது?" என்று யாராவது கேட்டால் ரூபாய் பிசகாமல் சொல்லிவிடுவோம். "எவ்வளவு வந்திருக்க வேண்டும்?" என்று கேட்டால்தான் பலரிடம் பதில் இருப்பதில்லை.

எண்ணி வந்த தொகையையே அன்றைய வியாபாரம் என்று புத்தகத்தில் எழுதிக்கொள்வது நம்மில் பலருக்குப் பழக்கம். இதில் உள்ள சிக்கலைப் பாருங்கள். கல்லாவிலிருந்து ஐந்நூறு ரூபாய் யாருக்கும் தெரியாமல் வெளியே போயிருந்தால், அன்றைய வியாபாரம் ஐந்நூறு குறைவு என்றுதான் புத்தகம் சொல்லும். மழை பெய்தது, கூட்டம் இல்லை, மாதக் கடைசி என்று நாமே அதற்கு ஒரு காரணமும் சொல்லிக்கொள்வோம். பணம் குறைந்தது என்று எந்தப் புத்தகமும் நமக்குச் சொல்லாது.

ஆகவே கல்லாவை எண்ணுவது பாதி வேலைதான். எண்ணிய தொகையை வைத்து ஒப்பிட, இன்னொரு கையால் எழுதப்பட்ட இன்னொரு தொகை வேண்டும். இந்த இரண்டும் ஒரே ஆள் கையில் இருந்தால் அவை எப்போதும் ஒத்துப்போகும். ஒத்துப்போவதால் நமக்கு ஒரு பயனும் இல்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் அல்ல. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி என்பவர், கடை ஆட்கள் காசை எடுத்துவிடுகிறார்கள் என்று நொந்துபோய், 1879-ஆம் ஆண்டு தம் சகோதரருடன் சேர்ந்து ஓர் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய கேஷ் ரிஜிஸ்டர் இயந்திரங்களுக்கு அதுதான் பாட்டன். முதலில் செய்த இயந்திரத்தில் பணம் போடும் இழுப்பறைகூடக் கிடையாது. கடிகாரம் போன்ற முகப்பில், எவ்வளவுக்கு விற்றோம் என்பதை முள் காட்டும். வாங்க வந்தவரும் அதைப் பார்ப்பார். முள் காட்டிய தொகை உள்ளே கணக்கில் ஏறிக்கொள்ளும். இழுப்பறையும் மணியும் பிற்பாடு வந்து சேர்ந்தவை. பணத்தைப் பூட்டி வைப்பதற்கு முன்னால், விற்பனையை விற்ற கணத்திலேயே பதிவு செய்ய வேண்டும் என்று அந்தக் கடைக்காரருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

நம் ஊர்ப் பெரிய ஜவுளிக் கடைகளிலும் இதே ஏற்பாட்டைக் காணலாம். துணியை எடுத்துக் காட்டுபவர் பில் போடுவார். பணம் கட்டுவது வேறோர் இடம். "பணம் பெற்றோம்" என்று முத்திரை விழுந்த பில்லைக் காட்டினால்தான் மூன்றாவது இடத்தில் பொட்டலம் கைக்கு வரும். பில் போட்டவர் கையில் பணம் இல்லை. பணம் வாங்கியவர் கையில் சரக்கு இல்லை. சரக்கு கொடுப்பவர் முத்திரை இல்லாமல் கொடுக்க மாட்டார். திருட வேண்டுமானால் இருவராவது கூட்டுச் சேர வேண்டும்.

"அது பெரிய கடை, நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். நம் கடையில் நாலு பேருக்கு எப்படிப் பிரிப்பது?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

நாலு பேர் கடையில் வேலைப் பிரிவு

ஒரு நடுத்தர மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். முதலாளி, அவர் மனைவி, பில் போட ஒரு பெண், சரக்கு எடுத்துக் கட்ட இரண்டு பையன்கள். பெரும்பகுதி சில்லறை வியாபாரம். சுற்றுவட்டாரப் பெட்டிக் கடைகள், டீக்கடைகள் பத்துப் பன்னிரண்டுக்குக் கடனிலும் சரக்கு போகிறது. விளக்கத்துக்காக நாமே அமைத்துக்கொண்ட கடை இது. கீழே வரும் தொகைகளும் அப்படியே.

இந்தக் கடையில் பில் போடும் பெண் கல்லாவைத் தொடக் கூடாது. முதலாளியோ மனைவியோ கல்லாவில் உட்கார வேண்டும். பையன்கள் பில்லைப் பார்த்துத்தான் பொருளைக் கையில் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் பிரிவு. முதலாளி கொள்முதலுக்குச் சந்தைக்குப் போகும் நாளில் மனைவி கல்லாவில் இருப்பார். இருவரும் இல்லாமல் பில் போடும் பெண்ணே பணமும் வாங்க நேர்ந்தால், அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும். போகும்போது கல்லாவை எண்ணிக் கொடுத்துவிட்டு, எத்தனையாவது பில் நம்பர் என்று குறித்துக்கொண்டு போக வேண்டும். வந்ததும் எண்ணி வாங்க வேண்டும். அவமானமாக நினைப்பார்களோ என்ற தயக்கம் வேண்டாம். நன்றாக வேலை பார்ப்பவர்கள் இதைத்தான் விரும்புவார்கள். தன் நேரத்துக் கணக்கு தன்னோடு முடிந்துவிடுகிறது என்பது அவர்களுக்கும் நிம்மதி.

முதலாளியும் ஒரே ஒரு பையனும் மட்டும் இருக்கும் கடையில் ஆளைப் பிரிக்க முடியாது. வேலையின் முனைகளைப் பிரிக்கலாம். பையன் பில் போட்டுப் பணமும் வாங்கட்டும். பில்லின் நகலையும் இரவு எண்ணிக்கையையும் முதலாளி வைத்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் பில் என்றால், போட்ட பில்லை ரத்து செய்யும் ரகசிய எண் முதலாளியிடம் மட்டும் இருக்க வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. பில் போட்டுப் பணம் வாங்கி, ஆள் போன பிறகு பில்லை ரத்து செய்துவிட்டால், கல்லாவும் பில்லும் கச்சிதமாக ஒத்துப்போகும். பணம் மட்டும் சட்டைப் பையில் இருக்கும். ரத்தான பில் ஒவ்வொன்றின் பின்னாலும் காரணம் எழுதி, வாடிக்கையாளரிடம் கொடுத்த மூலப் பில்லையும் இணைத்து வைக்க வேண்டும். மூலப் பில் இல்லாத ரத்து எதுவானாலும் அன்றே விசாரிக்க வேண்டியது.

சிறு விற்பனை பற்றியும் ஒரு வார்த்தை. 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்கு, வாங்குபவர் பதிவு பெறாதவராக இருந்து பில் கேட்காவிட்டால், தனித்தனி பில் வேண்டாம், நாள் முடிவில் ஒட்டுமொத்தமாக ஒன்று போட்டால் போதும் என்று ஜி.எஸ்.டி. விதியில் சலுகை இருக்கிறது. வரி இலாகாவுக்கு அது போதும், நமக்குப் போதாது. பத்து ரூபாய் பிஸ்கட், இருபது ரூபாய் ஷாம்பு எல்லாம் பில் இல்லாமலே போனால், இரவில் ஒட்டுமொத்தப் பில்லுக்கு எந்தத் தொகையைப் போடுவீர்கள்? கல்லாவை எண்ணித்தான் போடுவீர்கள். மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிட்டோம். பில் போட நேரம் இல்லாத கூட்டத்தில், கல்லாவில் இருப்பவர் அல்லாத ஒருவர் ஒரு சிட்டையில் தொகையை மட்டுமாவது கோடு கிழித்து எழுதிக்கொண்டே வர வேண்டும்.

ஒரு நாள் கணக்கு

நம் மளிகைக் கடையில் ஒரு நாளை முழுதாகப் பார்ப்போம்.

காலையில் கல்லாவில் 3,000 ரூபாய் சில்லறை வைத்துக் கடை திறக்கிறார்கள். இந்த மூவாயிரம் எல்லா நாளும் மூவாயிரமாகவே இருக்க வேண்டும். ஒரு நாள் 2,650, மறுநாள் 3,400 என்று முதல் நாள் மிச்சத்தோடு திறப்பவர்கள் மறுநாள் இரவு திணறுவார்கள்.

அன்றைக்கு 4101 முதல் 4268 வரை 168 பில்கள். இரண்டு ரத்து, இரண்டுக்கும் மூலப் பில் இருக்கிறது. மீதி 166 பில்களின் மொத்தம் 41,860 ரூபாய். இதில் செல்போன் வழியாக, அதாவது யு.பி.ஐ.யில் வந்ததாகப் பில்லில் குறித்தது 17,340. கடனுக்குப் போனது 6,250. எஞ்சிய 18,270 ரொக்கமாக வந்திருக்க வேண்டும்.

பழைய கடன் வசூல் மூன்று ரசீதுகளில் 4,500 ரொக்கம். வெல்லம் கொண்டுவந்தவருக்கு 2,400, சுமைக்கூலி 380, டீ 120 ஆக 2,900 ரூபாய் வவுச்சர் எழுதிக் கல்லாவிலிருந்து கொடுத்திருக்கிறார்கள். மதியம் இரண்டு மணிக்கு 10,000 ரூபாயைக் கல்லாவிலிருந்து எடுத்து உள்ளே இரும்புப் பெட்டியில் வைத்து, அதற்கும் ஒரு துண்டுச் சீட்டைக் கல்லாவில் போட்டிருக்கிறார்கள். கல்லாவில் நோட்டு குவிந்து கிடக்க விடாமல் நடுவில் ஒருமுறை எடுத்துவிடுவது நல்ல பழக்கம். சீட்டு இல்லாமல் எடுப்பது கெட்ட பழக்கம்.

மூவாயிரத்தோடு 18,270-ஐயும் 4,500-ஐயும் கூட்டினால் 25,770. அதில் 2,900-ஐயும் 10,000-ஐயும் கழித்தால் 12,870. இரவில் கல்லாவில் இருக்க வேண்டியது இதுதான்.

இந்தக் கணக்கைப் போடுவது முதலாளியின் மனைவி. பில் நகல், ரசீது, வவுச்சர் ஆகியவற்றைப் பார்த்துப் போடுகிறார். கல்லாவை எண்ணுவது முதலாளி. எண்ணி முடித்து, தொகையைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடும் வரை 12,870 என்ற எண்ணை அவரிடம் யாரும் சொல்லக் கூடாது. இந்த ஓர் ஒழுங்கு மிகவும் அவசியம். வர வேண்டிய தொகை முன்கூட்டியே தெரிந்துவிட்டால், எண்ணுகிறவர் நல்லவராகவே இருந்தாலும் அந்தத் தொகை வரும்வரை மீண்டும் மீண்டும் எண்ணுவார்; ஐம்பது குறைந்தால் தன் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டுவார்; ஐம்பது கூடினால் சில்லறைக்கென்று ஓரமாக வைப்பார். கடை ஆள் எண்ணும்போது சொல்லவே வேண்டாம்.

முதலாளி எண்ணுகிறார். ஐந்நூறு 14, இருநூறு 9, நூறு 23, ஐம்பது 15, இருபது 21, பத்து 27, நாணயம் 130 ரூபாய். மொத்தம் 12,670. இருநூறு குறைகிறது.

இருநூறு எங்கே?

குறைந்தவுடன் கடை ஆட்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்பது நம்மில் பலருக்கு முதல் வேலை. அது கடைசி வேலையாக இருக்கட்டும். முதலில் தாள்களைப் பாருங்கள்.

வித்தியாசத் தொகையே சில சமயம் வழி காட்டும். அது 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கோ எண்கள் இடம் மாறியிருக்கலாம். 540 என்பதை 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. 72-ஐ 27 என்றால் வித்தியாசம் 45. பழைய கணக்குப்பிள்ளைகள் விரல்நுனியில் வைத்திருந்த உபாயம் இது. இருநூறு ஒன்பதால் வகுபடாது. ஆக அது அல்ல. அடுத்து வித்தியாசத்தில் பாதியைத் தேடுங்கள். கூட்ட வேண்டியதைக் கழித்தாலோ, கழிக்க வேண்டியதைக் கூட்டினாலோ, அந்தத் தொகையைப் போல் இரு மடங்கு வித்தியாசம் வரும். நூறு ரூபாய்க்கு ஏதாவது வவுச்சரோ ரசீதோ இருக்கிறதா? இல்லை. பிறகு இருநூறையே தேடுங்கள்.

இங்கேதான் யு.பி.ஐ. கணக்கு உதவிக்கு வருகிறது. பில்லில் குறித்த தொகை 17,340. கடைப் பெயரில் உள்ள யு.பி.ஐ. ஆப்பில் அன்றைய தொகையை எடுத்துப் பார்த்தால் 17,540. இருநூறு கூடுதல்! யாரோ ஒருவர் ரொக்கம் தருவதாகச் சொல்லி, பில் அப்படியே போட்ட பிறகு, பையில் காசு போதாமல் செல்போனில் கட்டியிருக்கிறார். பில்லைத் திருத்தவில்லை. ரொக்கத்தில் குறைவு, யு.பி.ஐ.யில் அதே அளவு கூடுதல். ஆப்பில் மாலை ஆறரை மணிக்கு வந்த 200 ரூபாய் வரவையும் அந்த நேரத்துப் பில்லையும் பொருத்தினால் விஷயம் முடிந்தது.

ஆப் காட்டும் அன்றைய வரவோடுதான் ஒப்பிட வேண்டும்; பாங்க் பாஸ்புக்கோடு அல்ல. வியாபாரிக் கணக்குகளுக்குச் சில நிறுவனங்கள் பணத்தை மறுநாள் மொத்தமாக வரவு வைக்கின்றன. அதைப் பார்த்தால் நாள் குழம்பும். அதேபோல் வாடிக்கையாளர் தம் செல்போனில் காட்டும் பச்சை நிறப் படத்தை நம்பிப் பொருளைக் கொடுத்தால், இரவில் யு.பி.ஐ. பக்கம் குறையும். போலிப் படம் தயாரிப்பது எளிது. நம் பக்கத்துப் பெட்டி வாய்திறந்து தொகை சொல்ல வேண்டும், அல்லது நம் செல்போனில் வரவு காட்ட வேண்டும். மேஜையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டையையும் வாரம் ஒருமுறை நீங்களே ஒரு ரூபாய் அனுப்பிச் சோதியுங்கள். அட்டையின் மேல் வேறோர் அட்டையை ஒட்டிவிட்டுப் போகும் வித்தை நம் நாட்டில் பல ஊர்களில் நடந்திருக்கிறது.

யு.பி.ஐ.யும் சரியாக இருந்து இருநூறு கிடைக்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது "குறைவு ரூ.200" என்று ரொக்கப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும். யார் சம்பளத்திலும் பிடிக்கக் கூடாது. யாரும் கையிலிருந்து போடக் கூடாது. குறைவைச் சம்பளத்தில் பிடிக்கும் கடையில் குறைவு வராது என்பது உண்மைதான். அங்கே என்ன நடக்கும் தெரியுமா? கூடுதலாக வரும் நாளில் அந்தக் காசை ஆள் ஒதுக்கி வைத்து, குறையும் நாளில் எடுத்துப் போடுவார். கல்லா தினமும் சரியாக இருக்கும். ஆறு மாதம் ஒரு ரூபாய்கூட வித்தியாசம் காட்டாத கல்லாவைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். கை மாறிச் சில்லறை கொடுக்கும் கடையில் பத்து, இருபது முன்னே பின்னே இருப்பதுதான் இயல்பு.

வித்தியாச நோட்டு

தினசரி வித்தியாசத்தை ஒரு சிறு நோட்டில் வரிசையாக எழுதி வாருங்கள். தேதி, கல்லாவில் இருந்தவர் யார், எவ்வளவு கூடுதல் அல்லது குறைவு, இவ்வளவு போதும். ஒரு நாள் வித்தியாசம் எதையும் நிரூபிக்காது. இரண்டு மாதம் ஆனால் நோட்டு பேச ஆரம்பிக்கும்.

பதினேழு குறைவு, எட்டுக் கூடுதல், இருபத்திரண்டு குறைவு என்று இரு பக்கமும் மாறி மாறி வந்தால், அது சில்லறை கொடுப்பதில் வரும் தவறு. எப்போதும் குறைவாகவே வந்து, அதுவும் நூறு, இருநூறு என்று முழு நோட்டாக வந்தால், யாரோ நோட்டாக எடுக்கிறார்கள் அல்லது வவுச்சர் எழுதாமல் செலவு நடக்கிறது. குறிப்பிட்ட கிழமையில், குறிப்பிட்ட ஆள் இருக்கும்போது வந்தால் அதையும் நோட்டு காட்டும். அப்போதும் அது சந்தேகத்துக்கு இடம்தானே தவிர, தீர்ப்பு அல்ல.

கூடுதல் வந்தால் நமக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அதை யாரும் விசாரிப்பதில்லை. உண்மையில் அடிக்கடி வரும் கூடுதல் குறைவைவிடக் கவலைக்குரியது. பில் போடாமல் விற்ற பணம் கல்லாவில் விழுந்திருக்கிறது என்பது அதற்கு ஓர் அர்த்தம். பில் போடாமல் விற்று, பணத்தைக் கல்லாவிலேயே போட்டு வைத்து, இரவு எண்ணுவதற்கு முன் அந்த அளவை மட்டும் எடுத்துக்கொள்வது உலகெங்கும் உள்ள பழைய தந்திரம். எத்தனை எடுக்கலாம் என்பதை நினைவில் வைக்க, கல்லா ஓரத்தில் தீக்குச்சிகளையோ தனியாக ஒதுக்கிய நாணயங்களையோ வைத்துக்கொள்வார்கள். எடுக்க வாய்ப்புக் கிடைக்காத நாளில்தான் நமக்குக் "கூடுதல்" வருகிறது. இதற்கு மருந்து, கடை அடைக்கும் நேரத்துக்குக் காத்திராமல், மாதம் இரண்டு மூன்று முறை பகல் பதினொரு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ திடீரென்று கல்லாவை எண்ணுவது.

முதலாளியின் கை

இதை எழுதாமல் விட்டால் கட்டுரை முழுமையாகாது. சிறு கடைகளில் கல்லாவில் உள்ள மிகப் பெரிய ஓட்டை பெரும்பாலும் முதலாளி வீட்டுப் பக்கம்தான் இருக்கிறது.

தென்மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கடை. கல்லாவில் சனி, ஞாயிறு தோறும் முந்நூறு, நானூறு குறைந்துகொண்டே வந்தது. அந்த நாட்களில் முதலாளி சந்தைக்குப் போய்விடுவார். ஆறு வருஷம் வேலை பார்த்த ஆள் ஒருவர் கல்லாவைப் பார்த்துக்கொள்வார். சந்தேகம் அவர் மேல் விழுந்தது. ஒரு நாள் எல்லோர் முன்னிலும் கேட்டும் விட்டார்கள். "அண்ணாச்சி, நான் எடுத்தேன்னு நீங்க நெனச்சா நான் இருக்கலை" என்று அவர் அன்றே நின்றுவிட்டார். அடுத்த சனிக்கிழமையும் கல்லா குறைந்தது. பிறகுதான் நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தார்கள். கல்லூரி விடுமுறையில் வந்த மகன் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் போட எடுத்திருக்கிறான். வீட்டிலிருந்து வந்த அம்மா காய்கறி வாங்க எடுத்திருக்கிறார்கள். இருவரும் தம் கடைப் பணத்தைத்தான் எடுத்தார்கள், ஒளித்தும் எடுக்கவில்லை. எழுதவில்லை, அவ்வளவுதான். போன ஆள் பக்கத்து ஊரில் வேறு கடையில் சேர்ந்துவிட்டார். கூப்பிட்டும் வரவில்லை.

ஆகவே முதலாளியும், மகனும், வீட்டு அம்மாவும் கல்லாவிலிருந்து ஐம்பது ரூபாய் எடுத்தாலும் "சொந்தப் பற்று" என்று வவுச்சர் எழுதிப் போட வேண்டும். கல்லாவில் பணம் இருந்த இடத்தில் தாள் இருக்க வேண்டும். இதற்கு இன்னொரு பலனும் உண்டு. கடை ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதலாளியே சீட்டெழுதி எடுக்கும் கடையில், சீட்டெழுதாமல் எடுக்க அவர்கள் கை கூசும்.

வவுச்சர் பற்றிப் பேசும்போது வருமான வரி விஷயத்தையும் நினைவில் கொள்ளவும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், சில விதிவிலக்குகள் தவிர, அது தொழில் செலவாக ஏற்கப்படாது. 2017 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 20,000 ஆக இருந்தது. பழைய நினைவிலேயே இன்னும் கொடுப்பவர்கள் உண்டு. கொள்முதல் பெரிதாக இருந்தால் கல்லாவைத் தொடாமல் பாங்க் வழியாகக் கொடுங்கள். கல்லாக் கணக்கும் அதனால் சுலபமாகும்.

வசூலுக்குப் போகிறவரும் பேரேடும்

மொத்த வியாபாரிகளுக்கு ஆபத்து கல்லாவில் குறைவு. லைன் வசூலில் அதிகம். அங்கே நடப்பதைச் சிறு உதாரணத்தில் பார்க்கலாம்.

வசூலுக்குப் போகிறவர் திங்களன்று முதல் கடையில் 5,000 வாங்குகிறார். அவசரம் என்று அதைத் தாமே வைத்துக்கொள்கிறார். புதனன்று இரண்டாவது கடையில் 7,000 வாங்குகிறார். அதில் 5,000-ஐ முதல் கடை பெயரிலும் 2,000-ஐ இரண்டாம் கடை பெயரிலும் வரவு வைக்கிறார். வெள்ளியன்று மூன்றாம் கடையில் வாங்கிய 6,000-இல் இரண்டாம் கடையின் பாக்கி 5,000 சரியாகிறது. ஐயாயிரம் எப்போதும் யாரோ ஒருவர் தலையில் நிற்கிறது. எந்தக் கடையும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாமதமாகத் தெரிவதில்லை. கல்லாவும் சரியாக இருக்கிறது, பேரேடும் சரியாக இருக்கிறது. நாளடைவில் ஐயாயிரம் ஐம்பதாயிரமாகும்.

இந்தத் தந்திரம் ஓடுவதற்கு ஒரே ஆள் பணமும் வாங்க வேண்டும், பேரேட்டிலும் எழுத வேண்டும். அதனால்தான் வசூலிப்பவர் பேரேட்டைத் தொடக் கூடாது என்கிறோம். நம்பர் அச்சிட்ட ரசீதுப் புத்தகத்தை அவரிடம் கொடுத்துவிட்டு, மாலையில் அடிக்கட்டையைப் பார்த்து வேறொருவர் பேரேட்டில் எழுத வேண்டும். அடிக்கட்டையில் உள்ள தேதி, பெயர், தொகை மூன்றும் பேரேட்டில் அப்படியே இருக்க வேண்டும். ரசீது 7,000-க்கு இருந்து, பேரேட்டில் 5,000-மும் 2,000-மும் வெவ்வேறு பெயர்களில் இருந்தால் அங்கே நிறுத்திக் கேளுங்கள். ரசீதே கொடுக்காமல் வாங்குபவரும் இருப்பார். அதற்காக மாதம் ஒருமுறை ஒவ்வொரு கடைக்கும் பாக்கித் தொகையை முதலாளியே செல்போனில் நேராக அனுப்ப வேண்டும். வசூலிப்பவர் கையில் கொடுத்தனுப்பக் கூடாது. "நான் போன வாரமே கொடுத்துவிட்டேனே" என்று ஒருவர் பதில் போட்டால் அதிலிருந்து பிடிக்கலாம்.

வருஷத்துக்கு ஒருமுறை பத்து நாள் அவருக்குக் கட்டாய விடுமுறை கொடுத்து, அந்த லைனுக்கு வேறு ஆளை அனுப்புங்கள். சுழற்சியில் ஓடும் பணம் பத்து நாள் நின்றால் வெளியே வந்துவிடும். ஒரு நாள்கூட லீவு போடாமல் உழைக்கிறார் என்று நாம் பாராட்டும் ஆள் உண்மையிலேயே உழைப்பாளியாக இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளவும் இதுதான் வழி.

எண்ணிக்கைக்கு எட்டாதது

இவ்வளவு செய்தும் ஒரு வகைக் களவைத் தினசரி எண்ணிக்கை பிடிக்காது. பில்லும் போடாமல், பணத்தைக் கல்லாவிலும் போடாமல், பொருளைக் கொடுத்துக் காசை நேராகப் பையில் போட்டால் இரு பக்கமும் ஒன்றும் ஏறாது. கல்லா சரியாக ஒத்துப்போகும். குறைவது சரக்கில்தான்.

முழுக் கடைச் சரக்கையும் தினம் எண்ண முடியாது. வாரம் ஒரு சாமானை எடுத்துக்கொள்ளுங்கள். துவரம் பருப்பு, சர்க்கரை போல நிறுத்துக் கொடுக்கும் சாமான் வேண்டாம். நிறுவையில் சிந்துவது, ஈரம் காய்வது என்று எப்போதும் கொஞ்சம் சேதாரம் இருக்கும், அதில் எதுவும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. பாக்கெட்டாக வரும், விலை உள்ள, சட்டென்று விற்கும் சாமான் வேண்டும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் பாக்கெட் நல்லது. திங்கள் காலை எண்ணியபோது 84. வாரத்தில் வந்தது 60. கம்ப்யூட்டரில் பில் போட்டது 97. ஞாயிறு இரவு 47 இருக்க வேண்டும், எண்ணினால் 41. வீட்டுக்கு எடுத்தது, கிழிந்து ஒழுகியது எல்லாம் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ஆறு பாக்கெட் பில் இல்லாமல் போயிருக்கிறது. அடுத்த வாரம் எந்தச் சாமானை எண்ணப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே யாரிடமும் சொல்ல வேண்டாம். எண்ணெயில் ஆறு குறைந்த கடையில் அடுத்து டீத்தூள் பாக்கெட்டையும், அதற்கடுத்து மறுபடி எண்ணெயையுமே எண்ணிப் பாருங்கள்.